பிட்மாஸ்க் மட்டும் போதாதா?

பயண விற்பனையாளர் கணக்கில், சென்று வந்த நகரங்களின் மாஸ்க் இருக்கும்போது கடைசி நகரத்தையும் ஏன் சேமிக்க வேண்டும்?

அடுத்த அடியின் செலவு, இப்போது நிற்கும் நகரத்தைப் பொறுத்தது. நான்கு நகரங்களில் தூரங்கள் இவை: 0–1: 4, 0–2: 9, 0–3: 5, 1–2: 3, 1–3: 1, 2–3: 20. 0→1→2 பாதைக்கு 7, 0→2→1 பாதைக்கு 12. இரண்டுக்கும் மாஸ்க் `0111`தான். மாஸ்க் மட்டும் இருந்தால் 12 கழிந்துவிடும். ஆனால் 3 வழியாக 0-க்குத் திரும்பும்போது முதல் பாதை 32 ஆகிறது, கழிந்தது வெறும் 18! அதனால்தான் `dp[m][i]`: மாஸ்க் `m`, கடைசி நகரம் `i` எனும்போது குறைந்த செலவு. `m`-இல் இல்லாத ஒவ்வொரு `j`-க்கும்:

```
t = m | (1 << j)
dp[t][j] = min(dp[t][j], dp[m][i] + d[i][j])
```

தொடக்கம் `dp[1][0] = 0`, மற்றவை முடிவிலி. இறுதியில் `d[i][0]` கூட்டிய பிறகே சிறுமம் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான். 20 நகரங்களுக்கு அட்டவணையில் சுமார் 2.1 கோடி இடங்கள், நான்கு பைட் எண்களில் 80 எம்பி. ஒரு நகரம் கூடினாலே அது இரு மடங்கைத் தாண்டும்.