பாதி அடைத்தால் ஓட்டம் பாதியா? இதயத் தமனியும் புவாசேய் விதியும்

குழாயின் தடை ஆரத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் என்கிறது புவாசேய் விதி. ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. அப்படியானால் ரத்த ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடுமே சார்?

16 சரி, ஆனால் அது அடைப்புள்ள துண்டுக்கு மட்டும். 3 மி.மீ. விட்டமுள்ள இதயத் தமனியில் 1 செ.மீ. நீளத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் நொடிக்கு 1 மி.லி. ஓடினால், அந்தத் துண்டில் இழக்கும் அழுத்தம் சுமார் 0.13 மி.மீ. பாதரசம்தான். விட்டம் பாதியானால் 2 ஆகும். மொத்தமாகத் தள்ளும் அழுத்தமோ 90 அளவில் இருக்கும். பெரும்பங்கு தடை அதற்கப்பால் உள்ள நுண்தமனிகளில்தான். அவை கொஞ்சம் விரிந்து அந்த 2-ஐ ஈடுகட்டிவிடும்.

அப்பாவின் ஆஞ்சியோகிராமில் 70% அடைப்பு. சாதாரணமாக நடக்கிறார், மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு அடைக்கிறது. 30% ரத்தம்தான் போகிறதா?

இல்லைங்க. ரிப்போர்ட்டில் உள்ள 70 பெரும்பாலும் விட்டத்தின் கணக்கு. பரப்பில் அது 91%. மேலே சொன்ன துண்டிலேயே போட்டுப் பார்த்தால் தடை சுமார் 120 மடங்கு, ஓய்வில் அழுத்த இழப்பு 16 மி.மீ. பாதரசம். நுண்தமனிகள் விரிந்து இதையும் சமாளிக்கும். சிக்கல் மாடிப்படியில்தான். நல்ல தமனியில் நுண்தமனிகள் முழுதாக விரிந்தால் ஓட்டம் 4 மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே விரிவதில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டதால் 2.3 மடங்கோடு நின்றுவிடும். ஸ்டென்ட் தேவையா என்பதை என் கணக்கு சொல்லாது. அதை இதய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். நெஞ்சடைப்பு புதிது என்றாலோ, ஓய்விலும் வந்தாலோ உடனே போங்கள்.

ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை போட்டால் பாகுத்தன்மை குறைந்து ஓட்டம் கூடும்தானே?

பெயர்தான் அப்படி. அது உறைவதைத் தடுக்கும். பாகுத்தன்மை அப்படியே இருக்கும்.

நான் பைப்லைன் வடிவமைப்பவன். குறுகிய இடத்தைத் தாண்டி ரத்தம் பீய்ச்சி விரியும்போது வரும் இழப்பை விட்டுவிட்டீர்களே?

சரியாகப் பிடித்தீர்கள். மருத்துவர் புவாசேய் 1840 வாக்கில் அளந்தது நேரான, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில். அடைப்பின் வாயிலோ ரத்தம் பீய்ச்சி, சுழன்று, ஆற்றலை இழக்கிறது. இந்த இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். அதையும் சேர்த்தால் அந்த 2.3 சுமார் 1.7 ஆகிறது. உழைக்கும்போதுதான் இது கடிக்கும் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு அடைப்பின் தீவிரத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

மருந்தால் நுண்தமனிகளை விரிய வைத்து, மெல்லிய கம்பியால் அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பார்கள். பின்னழுத்தம் முன்னழுத்தத்தில் 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்த அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கொள்வார்கள். 0.79-க்கும் 0.81-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அங்கே மருத்துவர்களே ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை.