பழைய வாகனத்தோடு நோ கிளைம் போனசும் வருமா?

கேள்வி: ஹட்டனில் ஒருவரிடம் பழைய கார் வாங்குகிறேன். காப்புறுதி இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, 50 வீத நோ கிளைம் போனசும் உண்டு என்கிறார். இரண்டும் எனக்கு வருமா?

போனஸ் வராது. அது வாகனத்துக்குரியது அன்று, நட்ட ஈடு கோராமல் ஓட்டிய உரிமையாளருக்குத் தவணைக்கட்டணத்தில் கிடைக்கும் கழிவு. கழிவுக்கு முன் தவணைக்கட்டணம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். அவர் 30,000 கட்டினார். உங்களுக்குச் சொந்தப் போனஸ் இல்லையென்றால் முழுத்தொகையும் விழும். விலை பேசும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

மீதி ஏழு மாதமும் தானாக மாறாது. விற்பனைப் பத்திரம், அடையாள அட்டையுடன் இருவரும் காப்புறுதி நிறுவனக் கிளைக்குச் சென்று, நிறுவனம் சம்மதித்தால் பெயர் மாற்றலாம். இல்லையேல் அவர் இரத்துச் செய்யட்டும். நீங்கள் அன்றே புதிதாக எடுங்கள்.

மலையகத்தில் பதிவில் பெயர் மாற்றாமலே ‘ஓபன் பேப்பரில்’ கைமாறும் வாகனங்கள் ஏராளம். பழையவர் பெயரிலேயே காப்புறுதியை விட்டுவிட்டு ஓடினால், கினிகத்தேனை வளைவில் மோதிய பிறகு நிறுவனம் உரிமையாளர் யார் என்று கேட்கும். வாகனத்தை விற்றவருக்கு அதில் நட்டமில்லை, உங்களுடன் ஒப்பந்தமே இல்லை, கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

விற்பவரும் போனஸ் உறுதிக் கடிதத்தை எழுத்தில் வாங்கி, அது எதுவரை செல்லும் என்று கேட்டு வைத்தால், அடுத்த வாகனத்துக்குப் பயன்படுத்தலாம்.