பக்கத்துக் கிளை என்று காட்டியது, பக்கத்தில் இல்லையே!

கேள்வி: சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறேன். மிக்ஸி பழுதாகிவிட்டது. கம்பெனி இணையப் பக்கத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டதும் ஐந்து கிளைகள் வந்தன. 'பழுதுபார்ப்பு' என்பதைத் தொட்டதும் பொங்கோல் மட்டும் நின்றது. ரயிலில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன், போகவே ஒரு மணி நேரம் ஆனது. பாய லேபாரிலும் அவர்களுக்குப் பழுதுபார்க்கும் கவுண்டர் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. அதை ஏன் காட்டவில்லை?

பதில்: வேடிக்கை என்னவென்றால், நீங்கள் அநேகமாக அந்தப் பாய லேபாரிலேயே ரயில் மாறியிருப்பீர்கள். அங்கிருந்து வட்டப் பாதையில் சிராங்கூன், மறுபடி மாறி பொங்கோல். ஆனால் வீட்டிலிருந்து பாய லேபாருக்கு ஏழே நிறுத்தம், மாறவே வேண்டாம்.

இந்தப் பக்கங்கள் பெரும்பாலும் தூரத்தை நேர்கோட்டில்தான் அளக்கின்றன. அஞ்சல் குறியீட்டை வைத்து உங்கள் புளோக் வரைபடத்தில் எங்கே என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு கிளைக்கும் கோடு போட்டு, குறைந்த ஐந்தை எடுத்துக்கொள்ளும். சாலை, ரயில் எதுவும் கணக்கில் வராது. வழியைக் கணக்கிட ஒவ்வொரு தேடலுக்கும் வரைபடச் சேவைக்குக் காசு கட்ட வேண்டிவரலாம், நேர்கோட்டுக்குச் செலவே இல்லை. அந்தக் கோட்டில் பொங்கோல் ஆறு கிலோமீட்டர் சொச்சம், பாய லேபார் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் சிராங்கூன் ஆறு கிடப்பது கோட்டுக்குத் தெரியாது. இரண்டு ஊருக்கும் நேரடி ரயில் 2032இல்தான், குறுக்குத் தீவுப் பாதையின் பொங்கோல் நீட்டிப்பு திறக்கும்போது.

சரி, பாய லேபார் ஏன் பட்டியலிலேயே இல்லை? தெம்பனிஸ், சிமெய், விமான நிலையம், பிடோக், பொங்கோல் என்று ஐந்து இடமும் நிரம்பியிருக்கும். பாய லேபார் ஆறாவது. பழுதுபார்க்கும் கிளைகளை முதலில் பிரித்து, அதில் ஐந்தை எடுப்பதுதான் முறை. இவர்கள் ஐந்தை வெட்டிய பிறகு பிரித்திருக்கிறார்கள். அடையாளம் சுலபம்: ஒன்றைத் தொட்டதும் ஐந்து ஒன்றாகச் சுருங்கி, அந்த இடத்துக்குத் தூரத்துக் கிளைகள் வரவில்லையென்றால் இதே கோளாறுதான். உண்மையிலேயே தீவு முழுக்க ஒரே கவுண்டர் இருந்தாலும் இப்படித் தெரியும். அதனால் வேறு பேட்டையின் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். அங்கே வேறு கவுண்டர் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்த முறை வீட்டுக் குறியீட்டோடு நிறுத்தாமல், வேலைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கடைத்தொகுதியின் குறியீட்டையும் தட்டுங்கள். 'எல்லாக் கிளைகளும்' என்று ஒரு பட்டியல் இருந்தால் இன்னும் நல்லது, ரயில் பாதையை மனத்தில் வைத்து நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

மிக்ஸியை வாங்க மறுபடி பொங்கோல் போகும் முன், ரசீதில் உள்ள எண்ணுக்கு அழைத்து, பாய லேபாருக்கு அனுப்ப முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பழுதுபார்த்து முடிக்கும் முன்பே கேட்பது நல்லது.