'தப்பாவ்' ஏன் அகராதிக்குள் வந்தது?

"'பொட்டலம்' இருக்கும்போது 'தப்பாவ்' என்ற கொச்சைச் சொல்லை ஏன் சேர்த்தீர்கள்?"

பொட்டலம் அதன் வேலையைச் செய்யவில்லை, அதனால்தான். பொட்டலம் என்பது கட்டிய பொருள். மலேசியாவில், பினாங்குக் கடையில் மீந்த மீ கோரெங் நூடுல்ஸைக் கட்டித் தரச் சொல்வதும், உட்கார்ந்து சாப்பிடாமல் வாங்கிப் போவதும் தப்பாவ். தமிழ்நாட்டில் 'பார்சல்' இதைச் செய்கிறது, அதுவும் இரவல்தானே.

இந்தச் சொல் சீனத்திலிருந்து வந்தது உங்களை உறுத்தியிருக்கலாம். ஆனால் நாங்கள் பார்ப்பது தமிழ் இலக்கணத்துக்குள் நடமாடுகிறதா என்பதை. "தப்பாவ் பண்ணிட்டியா?", "தப்பாவுக்குத் தனிக் காசு" என்று யாரும் விளக்கம் கேட்காமல் பேசுகிறார்கள். இவற்றில் 'பொட்டலம்' போட்டுப் பாருங்கள், பொருள் நழுவும்.

சரி, ஒன்று: பதிவில் 'மலேசியப் பேச்சு வழக்கு' என்ற குறிப்பு உண்டு. தேர்வுக் கட்டுரையில் எழுத அனுமதி அல்ல அது.