மேனி வேறு, கண்டுமுதல் வேறு

கேள்வி: எங்கள் வட்டார வேளாண் அறிக்கையில் ஒரே பக்கத்தில் 'நெல் மகசூல் உயர்ந்துள்ளது' என்றும் 'நெல் உற்பத்தி குறைந்துள்ளது' என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் விளைச்சல்தானே? எது பொய்?
– தோவாளை வட்டத்து விவசாயி

பதில்: இரண்டும் மெய்யாக இருக்கலாம். வயலில் நின்று பேசும்போது 'என்ன மேனி விளைந்தது?' என்று கேட்பீர்கள். களத்தில் பொலி அளந்த பிறகு 'கண்டுமுதல் எவ்வளவு?' என்பீர்கள். அந்த மேனிதான் அறிக்கையில் மகசூல், அதாவது ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு என்ற வீதம். கண்டுமுதல்தான் உற்பத்தி, மொத்த அளவு. பேச்சில் பிரித்துச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு அச்சில் பார்த்ததும் ஏன் குழப்பம்?

ஒரு பேச்சுக்கு, போன கும்பப்பூப் போகத்தில் 100 ஹெக்டேரில் நடவு, ஹெக்டேருக்கு 5,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி 500 டன். இந்தக் கும்பப்பூவில் 20 ஹெக்டேர் வாழைக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டது. மிச்சம் 80 ஹெக்டேரில் 5,500 கிலோ வீதம் விளைந்தால் உற்பத்தி 440 டன்தான். மகசூல் ஏறியது, உற்பத்தி இறங்கியது. பரப்பு என்ற கட்டத்தைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டினால் இப்படித்தான் பொய்யாகத் தெரியும். இன்னொன்று: கன்னிப்பூவும் கும்பப்பூவும் போட்ட ஒரே வயல் சாகுபடிப் பரப்பில் இரண்டு தடவை சேரும். ஆகவே அறிக்கையின் மகசூல் ஒரு பூவுக்கானது. ஆண்டு முழுவதும் உங்கள் வயல் தந்ததை அதோடு ஒப்பிடாதீர்கள்.

'என் வயலில் இதைவிட அதிகம் கண்டதே' என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து அறுப்பார்கள். அது ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. அதில் 14 கிலோ நெல் வந்தால் ஹெக்டேருக்கு 5,600 கிலோ. ஆனால் அது ஈர நெல். 20 சதவீத ஈரத்தில் அறுத்ததை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 14 கிலோ சுமார் 13 கிலோவாகும். அப்போது ஹெக்டேருக்கு ஏறக்குறைய 5,200. நீங்கள் களத்தில் பச்சையாக எடை போட்டதையும் காய்ந்த நெல் கணக்கையும் பக்கத்தில் வைத்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

அறிக்கை எழுதுகிறவர்களையும் விடுவதற்கில்லை. ஒரே பத்தியில் மகசூல், விளைச்சல், உற்பத்தி என்று அழகுக்காக மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். 'விளைச்சல் நன்று' என்று சொல்லலாம், ஆனால் எண் வரும் இடத்தில் அந்தச் சொல் வீதமா மொத்தமா என்று காட்டாது. சந்தைக்குப் போகும் நெல்லும் தேங்காயும் விளைபொருள், வயலில் நிற்கும்வரை பயிர். இவற்றில் யாருக்கும் சிக்கல் இல்லை.

அட்டவணைத் தலைப்பில் 'நெல்' என்றிருக்கிறதா, 'அரிசி' என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அரிசிக் கணக்கென்றால் நெல்லில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் எண்ணாக நிற்கும். 5,200 கிலோ நெல் அங்கே ஏறக்குறைய 3,500 என்று இருக்கும். அதைப் பார்த்து மகசூல் விழுந்துவிட்டது என்று எங்களுக்கு இன்னொரு கடிதம் போட்டுவிடாதீர்கள்.