பதினைந்து நாள் டிபன் வேண்டாம் என்றால்

கேள்வி: எங்கள் இருவருக்கும் தினமும் இரவு டிபன் பக்கத்துத் தெரு அக்கா வீட்டிலிருந்து வருகிறது. ஞாயிறு லீவு. ஒரு நாளைக்கு 150 ரூபாய், மாதப் பணம் முன்னாடியே கொடுத்துவிடுவோம். போன வருஷம் ஊருக்குப் போகும்போது, “பதினஞ்சு நாள் வேண்டாங்க்கா, வந்ததும் சொல்றேன்” என்றேன். வந்த அன்று ராத்திரி டிபன் வரவில்லை. பணக் கணக்கிலும் மனஸ்தாபம். இந்த முறை மே 10 ஞாயிறு கிளம்பி 25 திங்கள் காலை திரும்புகிறோம். எப்படிச் சொல்வது? - வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வம்பு செய்தது அந்தப் “பதினஞ்சு நாள்” தான். நம் பேச்சில் அது இரண்டு வாரத்துக்கும் பொது, அரை மாதத்துக்கும் பொது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதும் அதில் இல்லை. “25 வரை வேண்டாம்” என்றாலும் இதே கதைதான். 25 அன்று உண்டா இல்லையா என்று நீங்கள் ஒன்று நினைப்பீர்கள், அவர் ஒன்று நினைப்பார். அதனால் எத்தனை நாள் என்று சொல்வதைவிட, கடைசி டிபன் என்றைக்கு, திரும்ப முதல் டிபன் என்றைக்கு என்று தேதியும் கிழமையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

“வந்ததும் சொல்றேன்” என்பதையும் விட்டுவிடுங்கள். திங்கள் ராத்திரி இட்லி என்றால் அக்கா ஞாயிறு மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்திருப்பார். நீங்கள் திங்கள் காலை ரயிலிலிருந்து இறங்கிச் சொன்னால் அந்த மாவில் உங்கள் பங்கு இருக்காது. உப்புமா கிளறித் தரலாம், அது அவருடைய நல்ல மனசு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்றைக்கே வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டது மறந்துபோகும், எழுத்தில் இருந்தால் அவர் எடுத்துப் பார்த்துக்கொள்வார். நானாக இருந்தால் இப்படி அனுப்புவேன்:

“அக்கா, ஊருக்குப் போறோங்க. மே 9 சனிக்கிழமை ராத்திரி டிபன் எப்பவும் போல வேணுங்க. 11 திங்கள்ல இருந்து 23 சனி வரைக்கும், அந்த ரெண்டு நாளும் சேர்த்து, வேண்டாங்க. 25 திங்கட்கிழமை ராத்திரியில இருந்து ரெண்டு பேருக்கும் பழையபடி அனுப்பிடுங்க, நான் மறுபடி சொல்லணும்னு காத்திருக்க வேண்டாம். தேதி மாறினா 23 சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன். நடுவுல வராத 12 நாள் காசை ஜூன்ல கழிச்சுக்கலாமாங்க்கா?”

23 சாயங்காலம் என்று வைத்ததற்குக் காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாவுதான். அவர் “சரி” என்று பதில் போட்டாரா என்று பாருங்கள். நீல டிக் மட்டும் விழுந்திருந்தால் அவர் வீட்டுப் பிள்ளை திறந்து பார்த்ததாகக்கூட இருக்கலாம்.

பணத்துக்கு வருவோம். நீங்கள் ஊரில் இல்லாதது இரண்டு வாரம் என்றாலும், ஞாயிறு நீங்கலாக வராத டிபன் 12 தான். போன முறை நீங்கள் 14 என்று கழித்திருந்தால் அக்காவுக்குக் கோபம் வந்தது நியாயம். இந்த மே மாதம் ஞாயிறு போக 26 நாள், 3,900 ரூபாய் கட்டியிருப்பீர்கள். 12 நாளுக்கு 1,800. ஜூனிலும் 26 நாள்தான், ஆக அந்த மாதம் 2,100 கொடுத்தால் போதும். கையில் திருப்பிக் கேட்காதீர்கள். மாசச் சாமான் முதல் வாரமே வாங்கியிருப்பார், உங்கள் காசு அரிசியாகவும் பருப்பாகவும் அவர் டப்பாவில் இருக்கிறது. ஒரு வாரம் முன்னால் சொன்னால் 12 நாளையும் கழிக்கச் சொல்லலாம். முதல் நாள் ராத்திரி சொல்லிவிட்டு முதல் இரண்டு நாள் காசையும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அரைத்த மாவை அவர் என்ன செய்வார்?

அப்புறம், கேரியர். 9-ம் தேதி வந்த அடுக்கு உங்கள் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தால் அக்காவுக்கு இரண்டு வாரம் ஒரு கேரியர் குறையும். சாப்பிட்டதும் கழுவித் துடைத்து, ஞாயிறு கிளம்பும்போது அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். கொண்டுவந்து தரும் பையனிடமும் சனிக்கிழமையே 25 என்று சொல்லி வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் விளக்கு எரிவதைப் பார்ப்பவன் அவன்தான்.