மோட்டாரை வேகமாக நிறுத்தினால் டிரைவில் ஏன் ஓவர்வோல்டேஜ் டிரிப்?

“சர்க்கரை ஆலை சென்ட்ரிஃபியூஜை வேகமாக நிறுத்தினால் டிரைவ் ஓவர்வோல்டேஜில் டிரிப் ஆகிறது. பிரேக்கிங் ரெசிஸ்டர் போதுமா, ரீஜெனரேட்டிவ் டிரைவ் வேண்டுமா?”

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டிரைவ். சென்ட்ரிஃபியூஜின் கனமான கூடையின் வேகத்தை அது குறைக்கும்போது, கூடைதான் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. அந்த மின்சாரம் டிரைவின் உள்ளே இருக்கும் டிசி கெப்பாசிட்டரில் சேர்கிறது. சாதாரண டிரைவின் ரெக்டிஃபையர் ஒருவழிப் பாதை. மின்சாரம் திரும்பிப் போக முடியாது. 415 வோல்ட் இணைப்பில் 590 வோல்ட் அளவில் இருக்கும் டிசி மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய், 800ஐ நெருங்கும்போது டிரைவ் டிரிப் ஆகிறது.

நிரம்பிய குடத்தில் குழாய் இன்னும் ஓடுவதைப் போன்ற நிலை இது. ரெசிஸ்டர், வழியும் நீரைச் சாக்கடையில் விடுகிறது, அதாவது மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கி வீணாக்குகிறது. ரீஜெனரேட்டிவ் டிரைவ் தொட்டிக்கே திருப்பி ஏற்றுகிறது, அதாவது மின் இணைப்புக்கே திருப்பி அனுப்புகிறது.

நிலைமத் திருப்புத்திறன் 10 கிலோகிராம் சதுர மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால், சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 123 கிலோஜூல். 10 விநாடியில் சீராக நிறுத்தினால் சராசரி 12 கிலோவாட், தொடக்கத்தில் அதன் இரு மடங்கு. நாளுக்கு ஒருமுறை நிற்கும் விசிறிக்கு ரெசிஸ்டர் தாராளம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிற்கும் சென்ட்ரிஃபியூஜில் அது ஆறவே நேரமிருக்காது. அங்கே நான் ரீஜெனரேட்டிவைத்தான் சொல்வேன்.

ரெசிஸ்டரின் ஓம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கையேடு சொல்லும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போனால், எரிவது டிரைவின் பிரேக்கிங் டிரான்சிஸ்டர்தான்.